வலது அடிவயிற்று வலி, வாந்தி: ஸ்கேனில் ரத்த ஓட்டம் தெரிந்தும் சினைப்பை முறுக்கியிருந்தது எப்படி?

சேரன்மாதேவி_அக்கா · வியாழன், இரவு 9.10

என் தங்கைக்கு 22 வயது, கல்யாணம் ஆகவில்லை. போன சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். தெருக்குழாயில் நிறைந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தவள், குடத்தை அப்படியே போட்டுவிட்டு வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குள் கூட்டிவருவதற்குள் இரண்டு தடவை வாந்தி. மத்தியானம் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்த பிறகும் பித்தநீராக எடுத்துக்கொண்டே இருந்தாள். ஆச்சி சூட்டுவலி என்று சொல்லி மோரில் வெந்தயம் போட்டுக் கொடுத்தாள், அதுவும் நிற்கவில்லை. எட்டு மணி வாக்கில் வலி பாதியாகக் குறைந்தது, தூங்கிவிட்டாள். சரி, சூடுதான் போல என்று நாங்களும் படுத்துவிட்டோம்.

ராத்திரி இரண்டு மணிக்கு அலறிக்கொண்டு எழுந்தாள். முதலில் வந்ததைவிட மோசமான வலி, மறுபடியும் வாந்தி. காலையில் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு, பத்து மணிக்கு ஸ்கேன் எடுத்தோம். வலது சினைப்பை 7.2 செ.மீ. நீளம், அதில் 5.8 செ.மீ. கட்டி ஒன்று, இடது சினைப்பை 3.1 செ.மீ., இடுப்புக்குழியில் கொஞ்சமாக நீர், டாப்ளரில் வலது சினைப்பைக்கு ரத்த ஓட்டம் தெரிகிறது என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்த டாக்டர், "ஓட்டம் இருக்கு, முறுக்கு இல்லை. நேத்து வலி குறைஞ்சதுன்னு வேற சொல்றீங்க. கட்டி உடைஞ்சிருக்கும், தானா சரியாயிரும்" என்று மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மூன்றாவது தடவையாக வலி வந்தது. இனி தாங்காது என்று பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனோம். அங்கே மகப்பேறு டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பழைய ஸ்கேனையும் பார்த்து, சாயங்காலம் ஆறரைக்கு லேப்ராஸ்கோப்பி செய்தார்கள். சினைப்பை இரண்டரைச் சுற்று முறுக்கியிருந்ததாம். வீடியோவில் எனக்கும் காட்டினார்கள். நாவற்பழம் மாதிரி கறுப்பும் ஊதாவுமாக இருந்தது. முறுக்கை எடுத்துவிட்டு, கட்டியின் நீரை மட்டும் உறிஞ்சிவிட்டு, சினைப்பையை உள்ளேயே விட்டுவிட்டார்கள்.

எனக்கு இரண்டு கேள்வி. ரத்த ஓட்டம் இருக்கிறது என்று வந்த ரிப்போர்ட் தப்பா? அவ்வளவு கறுத்துப்போனதை எடுக்காமல் விட்டது சரியா? சொந்தக்காரர்கள் எல்லாம் "அழுகினதை உள்ளே விட்டா விஷமாயிரும்" என்று சொல்லிச் சொல்லி அம்மாவைத் தூங்க விடவில்லை.

பொதிகைச்சாரல் · வியாழன், இரவு 9.52

அக்கா, நான் பார்மசி படித்தவன். டாப்ளரில் ஓட்டம் இருந்தால் முறுக்கு கிடையாது, இது நேரான கணக்கு. ரப்பர் குழாயை முறுக்கினால் உள்ளே எதுவும் போகாது இல்லையா? ஆகவே காலை பத்து மணிக்கு முறுக்கு இருந்திருக்காது. மத்தியானம் இரண்டு மணிக்கு வந்த வலியில்தான் முறுக்கியிருக்கும். முதல் டாக்டர் மேல் தப்பில்லை என்று நினைக்கிறேன். இன்னொன்று, வாந்தி இருந்தால் முறுக்கு, வாந்தி இல்லையென்றால் கட்டி உடைந்தது என்று சுலபமாகப் பிரித்துவிடலாம்.

ஸ்கேன்_அறை · வியாழன், இரவு 10.35

தம்பி, அந்தக் கணக்கை நம்பித்தான் பல சினைப்பைகள் போயிருக்கின்றன. நான் ஸ்கேன் பார்க்கிற டாக்டர், அதனால் இதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முறுக்கு விழுந்ததும் எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் அடைபடுவதில்லை. சினைப்பையிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகிற சிரைகள் மெல்லிய சுவர் உள்ளவை, லேசாக நெரித்தாலே ஒட்டிக்கொள்ளும். ரத்தம் கொண்டுவருகிற தமனியின் சுவர் தடிமன், உள்ளே அழுத்தமும் அதிகம், அதனால் அது கடைசிவரை தாக்குப்பிடிக்கும். நம்ம ஊர் வயலை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலிலிருந்து மடை திறந்திருக்கிறது, வடிகால் மட்டும் அடைத்துக்கொண்டது. தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கும், வயல் மூழ்கிக்கொண்டும் இருக்கும். அந்த நேரத்தில் டாப்ளரை வைத்தால் "வரத்து இருக்கிறது" என்றுதான் காட்டும். அதோடு சினைப்பைக்கு ரத்தம் இரண்டு பக்கமிருந்து வருகிறது, மேலே சினைப்பைத் தமனி, கருப்பைப் பக்கத்திலிருந்து ஒரு கிளை. ஒன்று நெரிபட்டாலும் மற்றது கொஞ்ச நேரம் ஓடும்.

ஆகவே ரிப்போர்ட்டில் எழுதிய "ஓட்டம் தெரிகிறது" பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் தப்பு. ஓட்டம் சுத்தமாக இல்லை என்றால் முறுக்கு என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். ஓட்டம் இருந்தால் முறுக்கு இல்லை என்று சொல்ல முடியாது.

அக்கா, ஒரு உதவி. ரிப்போர்ட்டில் சினைப்பை எந்த இடத்தில் இருந்தது, ஓரத்தில் சின்னச் சின்ன முட்டைப்பைகள் வரிசையாக இருந்ததா, கட்டியின் சுவர் எப்படி இருந்தது என்று ஏதாவது எழுதியிருக்கிறதா?

சேரன்மாதேவி_அக்கா · வியாழன், இரவு 10.58

எடுத்துப் பார்த்தேன். வலது சினைப்பை கருப்பைக்கு முன்னால், நடுவை நோக்கி நகர்ந்திருக்கிறது என்று இருக்கிறது. ஓரமாகச் சிறு முட்டைப்பைகள் என்றும் எழுதியிருக்கிறார்கள். கட்டியின் சுவர் மெல்லியது, வழுவழுப்பு, உள்ளே தெளிந்த நீர். முறுக்கு என்ற வார்த்தையே எங்கும் இல்லை.

ஸ்கேன்_அறை · வியாழன், இரவு 11.20

வார்த்தை இல்லையே தவிர, விஷயம் எல்லாம் அதிலேயே இருக்கிறது. இதைப் படித்ததும் மனது கஷ்டமாகிவிட்டது.

முதலில் வீக்கம். இடது 3.1, வலது 7.2. கட்டி 5.8 என்றால் மிச்சம் அந்தக் கட்டியைச் சுற்றியிருக்கிற சினைப்பைத் தசை, அது நீர்கோத்துத் தடித்திருக்கிறது. உள்ளே நீர் கோக்கும்போது சின்ன முட்டைப்பைகள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, மாலை கோத்த மாதிரி தெரியும். இரண்டாவது, இடம். பக்கவாட்டில் இருக்க வேண்டியது நடுவில் வந்து நிற்கிறது. முறுக்கினால் தொங்குகிற காம்பு குட்டையாகி, சினைப்பையை இழுத்துக்கொண்டு வரும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். உடைந்த கட்டி பெரும்பாலும் காற்றுப்போன பலூன் மாதிரி சுருங்கிக் கிடக்கும், சுவர் மடிந்திருக்கும், அதிலிருந்த நீர் இடுப்புக்குழியில் நிற்கும். இங்கே கட்டி முழு உருண்டையாக, வழுவழுப்பாக, அப்படியே இருக்கிறது. வெளியே நீர் கொஞ்சம்தான். உடைந்தது என்றால் எது உடைந்தது? இந்தக் கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை. கட்டி லேசாகக் கசிந்து மறுபடி மூடிக்கொள்வதும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவ்வளவு வாந்தியோடும் அவ்வளவு வலியோடும் வந்த பெண்ணுக்கு அதை முதல் விளக்கமாக எடுத்திருக்கக் கூடாது.

காம்பையும் பார்த்திருக்க வேண்டும். முறுக்கிய காம்பில் ரத்தக் குழாய்கள் நத்தைக்கூடு மாதிரி சுற்றிக்கொண்டு தெரியும். அது கண்ணில் பட்டால் சந்தேகமே இல்லை. ஆனால் தேடினால்தான் தெரியும். கல்யாணமாகாத பெண்களுக்கு வயிற்றின் மேல் வைத்துத்தான் ஸ்கேன் பார்ப்போம், சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் உள்ளே தெளிவாகத் தெரியும். வாந்தி எடுக்கிற பெண் எங்கே தண்ணீர் குடிப்பாள்? ட்ரிப்ஸ் ஏற்றிக் காத்திருந்து பார்க்க வேண்டும். கூட்டமான ஞாயிற்றுக்கிழமையில் அந்தப் பொறுமை இருந்ததா என்பது எனக்குத் தெரியாது.

வள்ளியூர்_அப்பா · வெள்ளி, காலை 6.40

இதைப் படித்து ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. என் மகளுக்கு 19 வயது. மாதவிலக்கு சரியாக வருவதில்லை என்று ஸ்கேன் எடுத்ததில் இரண்டு பக்கமும் நீர்க்கட்டி என்று சொன்னார்கள். ஓரத்தில் மாலை மாதிரி இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறது. அப்படியானால் அவளுக்கும் முறுக்கிவிடுமா? இப்போதே ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமா? வலி எதுவும் இல்லை.

பாளை_மகப்பேறு · வெள்ளி, காலை 7.25

அண்ணாச்சி, பயப்படாதீர்கள். உங்கள் மகளுக்கு இருப்பது வேறு. நம் பக்கம் இரண்டையும் "நீர்க்கட்டி" என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அதனால் வருகிற குழப்பம் இது. ஹார்மோன் கோளாறில் சினைப்பையில் தெரிவது வளராமல் நின்றுபோன சின்ன முட்டைப்பைகள், ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். அதை யாரும் ஆபரேஷன் செய்து எடுப்பதில்லை. சேரன்மாதேவித் தங்கைக்கு இருந்தது ஒரு பக்கத்தில் ஒரே பெரிய கட்டி. பொதுவாக ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டியைச் சுமக்கிற சினைப்பைதான் கனம் தாங்காமல் புரளும். உங்கள் மகள் மாதவிலக்குக்கான வைத்தியத்தைத் தொடரட்டும்.

நானும் மகப்பேறு மருத்துவர்தான், ஆனால் இந்தப் பெண்ணைப் பார்த்தது நான் இல்லை. அக்கா கேட்ட இரண்டாவது கேள்விக்குச் சாயங்காலம் ஓ.பி. முடிந்ததும் எழுதுகிறேன்.

அம்பை_டீச்சர் · வெள்ளி, மத்தியானம் 1.15

எனக்கு நடந்தது மற்றது, கட்டி உடைந்தது. அப்போது எனக்கு 27 வயது. மாதவிலக்கு ஆரம்பித்து 23ஆம் நாள் என்று நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். படியில் கால் வைத்தபோது இடது அடிவயிற்றில் கத்தி குத்தின மாதிரி ஒரு வலி. அந்த ஒரு நிமிஷம்தான் உச்சம். அதன் பிறகு ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, திரும்ப ஏறவே இல்லை. ஒரு தடவை குமட்டியது, வாந்தி வரவில்லை. ஆனால் எழுந்து நின்றால் கண் இருட்டியது. படுத்தால் தோள்பட்டையில் ஒரு வலி. வயிற்றில் இருக்கிற கோளாறுக்குத் தோள் ஏன் வலிக்கிறது என்று எனக்குப் புரியவே இல்லை.

சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்தார்கள், இல்லை என்று வந்தது. ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது, சுற்றிலும் ரத்தம். ஹீமோகுளோபின் 11.8 இருந்தது, ஆறு மணி நேரத்தில் 9.6 ஆனது. அன்று ராத்திரி ஆபரேஷனுக்குத் தயாராக வைத்திருந்தார்கள். காலையில் எடுத்தபோது 9.4. இரத்தக் கசிவு நின்றுவிட்டது என்று சொல்லி, கத்தி வைக்காமலே மூன்றாம் நாள் அனுப்பினார்கள். ஆறு வாரம் கழித்து ஸ்கேனில் ஒன்றும் இல்லை.

பொதிகைச்சாரல் · வெள்ளி, மத்தியானம் 1.40

பார்த்தீர்களா, டீச்சருக்கு வாந்தி இல்லை. நான் சொன்னது சரிதானே.

கடையம்_செவிலி · வெள்ளி, மத்தியானம் 2.30

முழுக்கச் சரி இல்லை தம்பி. கட்டி உடைந்து வாந்தியோடு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், முறுக்கு இருந்தும் ஒரே தடவை குமட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். முறுக்கில் வாந்தி அதிகம், அவ்வளவுதான். அதை வைத்தே பிரிக்க முடியாது. நான் பார்க்கிறது வலியின் போக்கை. டீச்சருக்கு ஏறின வலி இறங்கிக்கொண்டே போனது. அக்காவின் தங்கைக்கு இறங்கின மாதிரி இருந்து மறுபடி மறுபடி ஏறியது, ஏறும்போதெல்லாம் வாந்தியும் கூடவே வந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். வலி ஊசி போட்டால் நோய் மறைந்துவிடும் என்று பயந்து துடிக்க விடுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. ஊசி போடலாம், அதனால் எதுவும் மறையாது. ஆனால் ஊசிக்குப் பிறகு வலி குறைந்ததை வைத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அப்புறம், வலி வந்த பெண்ணுக்கு மோரோ கஷாயமோ ஜூஸோ கொடுக்காமல் கொண்டுவாருங்கள். வயிறு காலியாக இருந்தால் மயக்க மருந்து கொடுப்பதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

கர்ப்பப் பரிசோதனையைப் பற்றியும் சொல்கிறேன், இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. கல்யாணமாகாத பெண்ணுக்கு அந்த அட்டையை நீட்டினால் அம்மாமார்கள் கோபித்துக்கொள்கிறார்கள், "எம்மவள என்னன்னு நெனச்சீய" என்று ஒருவர் என் கையைத் தட்டிவிட்டதும் உண்டு. கருக்குழாயில் தங்கின கரு வெடித்தால் இதே பக்கம், இதே வலிதான், உயிரே போகும். ஆகவே எல்லாருக்கும் செய்கிறோம். அந்தப் பெண் யார், எப்படிப்பட்டவள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பாளை_மகப்பேறு · வெள்ளி, இரவு 9.05

செவிலியம்மா சொன்னதில் நான் மாற்ற ஒன்றும் இல்லை. வலியின் போக்கு ஏன் அப்படி என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். சினைப்பை இரண்டு பக்கமும் கட்டிய தூளி மாதிரி தொங்குகிறது, ஒரு நுனி கருப்பையோடு, இன்னொரு நுனி இடுப்புச் சுவரோடு. உள்ளே கனம் கூடினால் தூளி சுற்றிக்கொள்ளும். சில சமயம் பாதி அவிழும், அப்போது வலி குறையும், பிறகு மறுபடி சுற்றும். சனிக்கிழமை எட்டு மணிக்குக் குறைந்தது பெரும்பாலும் அப்படித்தான் இருந்திருக்கும். அதைத்தான் "உடைந்து அடங்கிவிட்டது" என்று எடுத்துக்கொண்டார்கள். இடது பக்கம் பெருங்குடல் அருகிலேயே கிடந்து சினைப்பையை அசையவிடாமல் பார்த்துக்கொள்ளும், வலது பக்கத்தில் இடம் அதிகம், அதனால் வலதில்தான் இது கூடுதலாக வருகிறது. அந்த வலதிலேயே குடல்வாலும் இருப்பதால் கவனம் அங்கே போய்விடுகிறது. குடல்வால் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றி மெதுவாகத் தொடங்கி, மணிக்கணக்கில் கீழே நகரும். குடத்தைத் தூக்கிய நொடியில் வராது.

இப்போது கறுத்த சினைப்பை. நான் படித்த காலத்தில் கறுத்ததை எடுத்துவிடுவோம். செத்துவிட்டது என்றும், முறுக்கை அவிழ்த்தால் உள்ளே உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்விடும் என்றும் பயந்தோம். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று பின்னால் தெரிந்தது. கறுப்பு நிறம் பெரும்பாலும் வெளியேற முடியாமல் தேங்கிய ரத்தத்தின் நிறம்தான், செத்த தசையின் நிறமாக இருக்க வேண்டியதில்லை. அவிழ்த்த பிறகும் மேசையிலேயே நிறம் திரும்பாமல் போகலாம், ஆனால் சில வாரம் கழித்து ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலான சினைப்பைகளில் முட்டைப்பைகள் மறுபடி தெரிகின்றன. தொட்டால் கையோடு உதிர்கிற அளவுக்குப் போயிருந்தால்தான் எடுக்கிறோம், அல்லது புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால். முதல் வலியிலிருந்து ஆபரேஷன்வரை 25 மணி நேரம் என்பது நல்ல நேரம் இல்லை, ஒவ்வொரு மணியும் கணக்கில் வரும். ஆனால் இத்தனை மணிக்கு மேல் பிழைக்காது என்று ஒரு கோடு யாராலும் போட முடியாது. 22 வயதுப் பெண்ணுக்கு விட்டுவைத்தது சரியான முடிவு. காய்ச்சல், கூடுகிற வலி, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், இது எதுவும் இருந்தால் உடனே காட்டுங்கள். இல்லையென்றால் அம்மாவைத் தூங்கச் சொல்லுங்கள்.

கட்டியின் உறையை அன்றே உரிக்காமல் விட்டதும் எனக்குப் புரிகிறது. வீங்கிய சினைப்பையில் உரித்தால் நல்ல தசையும் சேர்ந்து கிழியும். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

பொதிகைச்சாரல் · வெள்ளி, இரவு 9.40

டாப்ளர் விஷயத்தில் நான் சொன்னது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டாக்டரம்மா, ஸ்கேனையும் நம்ப முடியாது, வாந்தியையும் நம்ப முடியாது என்றால் வயிற்றுவலி என்று வருகிற எல்லாப் பெண்ணுக்கும் ஓட்டை போட்டுப் பார்க்க வேண்டுமா?

பாளை_மகப்பேறு · வெள்ளி, இரவு 10.15

நல்ல கேள்வி. எல்லாருக்கும் இல்லை. டீச்சர் மாதிரி வலி இறங்கிக்கொண்டே போய், கட்டி சுருங்கி, ரத்த அளவும் நிலையாக நின்றால் காத்திருப்போம். நாடித்துடிப்பு ஏறினாலோ, ரத்த அழுத்தம் இறங்கினாலோ, உள்ளே ரத்தம் கூடினாலோதான் ஆபரேஷனுக்குப் போவோம். ஒரு பக்கம் பெரிய கட்டி, வீங்கிய சினைப்பை, விட்டுவிட்டு வருகிற வலி, வாந்தி என்று சேர்ந்து நின்றால் டாப்ளர் என்ன சொன்னாலும் நான் உள்ளே போய்ப் பார்ப்பேன். அப்படிப் போய் முறுக்கு இல்லாமல் வெளியே வந்த நாட்களும் எனக்கு உண்டு. அந்தத் தழும்புக்காக என்னைக் கோபித்துக்கொண்ட அப்பாக்களும் உண்டு. வீட்டுக்கு அனுப்பி ஒரு சினைப்பை போவதற்குப் பதில், அந்தக் கோபத்தை நான் ஏற்றுக்கொள்வேன்.

ஸ்கேன்_அறை · வெள்ளி, இரவு 10.50

டாக்டரம்மா, மறுபடி முறுக்காமல் இருக்க சினைப்பையைத் தைத்து நிறுத்துவதைப் பற்றி உங்கள் கருத்து என்ன? என்னிடம் ஒரு பெண் இரண்டாம் தடவையாக அதே பக்கம் முறுக்கி வந்தாள். அன்றே தைத்திருக்கலாமே என்று இன்றும் தோன்றுகிறது.

பாளை_மகப்பேறு · வெள்ளி, இரவு 11.05

முதல் தடவையிலேயே, கட்டி என்ற காரணம் கண்ணுக்குத் தெரிகிறபோது, நான் தைப்பதில்லை. கட்டி போனால் காரணமும் போகும், தைத்தால் கருக்குழாய்க்கும் சினைப்பைக்கும் உள்ள நெருக்கம் கெடுமோ என்ற கவலை. கட்டியே இல்லாமல் முறுக்கினாலோ, இரண்டாம் தடவை வந்தாலோ, ஏற்கெனவே ஒரு சினைப்பை இழந்திருந்தாலோ தைப்பேன். முதல் தடவையிலேயே தைக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைத் தப்பு என்று சொல்ல என்னிடம் பதில் இல்லை.

ஸ்கேன்_அறை · வெள்ளி, இரவு 11.12

இந்தத் தங்கைக்குக் கட்டியின் உறை உள்ளேதான் இருக்கிறது, மறுபடி நீர் சேரலாம். அதனால்தான் கேட்டேன். இதில் நான் உங்களோடு முழுக்க ஒத்துப்போகவில்லை டாக்டரம்மா.

சேரன்மாதேவி_அக்கா · ஆறு வாரம் கழித்து, செவ்வாய், மாலை 6.20

இன்று ஸ்கேன் எடுத்தோம். வலது சினைப்பை 4.3 செ.மீ., பக்கவாட்டில் தன் இடத்திலேயே இருக்கிறது, உள்ளே நாலைந்து சிறு முட்டைப்பைகள் தெரிகின்றன. பார்த்தவர் திரையில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். அம்மா கிட்டப் போய் நின்று பார்த்தாள், எதுவும் பேசவில்லை. ஆனால் கட்டியில் மறுபடி நீர் சேர்ந்து 2.6 செ.மீ. ஆகியிருக்கிறது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு, வளர்ந்திருந்தால் உறையோடு எடுக்கலாம் என்கிறார்கள். அதுவரை வலி வந்தால் எதுவும் குடிக்காமல், பழைய ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக வரச் சொல்லியிருக்கிறார்கள். குடம் தூக்குகிற வேலையை இப்போது நான் பார்க்கிறேன், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று தெரியாமலேயே.